ஜவ்வாக இழுக்கும் கலர் முடிக்கு புரோட்டீனா, கண்டிஷனரா?

தண்டையார்பேட்டையில் ஒரு பார்லரில் முடியின் கீழ்ப்பாதியை ப்ளீச் செய்து பர்கண்டி ஏற்றிக்கொண்டேன். இரண்டே வாரத்தில், ஈர முடியை இழுத்தால் ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டது, விட்டால் சுருங்கவில்லை. "வறட்சிதான், நிறைய கண்டிஷனர் போடு" என்றார் அண்ணி. போட்டேன். இன்னும் கொழகொழவென்று ஆனது.

கண்டிஷனர் மேல் தப்பில்லை. ப்ளீச் நிறத்தோடு சேர்த்து, முடியின் கெரட்டின் என்ற புரோட்டீனைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளையும் உடைக்கிறது. அப்படிப்பட்ட முடி தண்ணீரை அதிகமாகக் குடித்து ஊதிவிடும். அதற்கு முதலில் தேவை புரோட்டீன். அதனால் என் ஓட்டு புரோட்டீன் மாஸ்க்குக்குத்தான்.

டப்பாவில் 'ஹைட்ரலைஸ்டு' கெரட்டின் அல்லது கோதுமை புரோட்டீன் என்று இருக்கிறதா பாருங்கள். சிறு துண்டுகளாக உடைத்த புரோட்டீன் என்று அர்த்தம். முட்டையில் இருப்பது பெரிய மூலக்கூறு, முடிக்குள் போகாது. வீடு நாறுவதுதான் மிச்சம். ஷாம்பு போட்டு, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, ப்ளீச் செய்த பகுதியில் மட்டும் மாஸ்க்கைத் தடவிப் பத்து நிமிடம் விட்டேன். அலசி, கொஞ்சம் கண்டிஷனர். முதல் தடவையிலேயே முடிக்குக் கொஞ்சம் பிடிப்பு வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த மூன்று குளியலிலும் போட்டேன். வைக்கோல்! சீப்பு பட்டாலே படக்கென்று உடைந்தது. அப்புறம் புரோட்டீனை நிறுத்தி, நான்கு குளியலுக்கு வெறும் கண்டிஷனர் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

ஆக, எதைப் போடுவது என்பதைவிட எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுதான் விஷயம். காலண்டர் பார்த்துப் போடாதீர்கள். உதிர்ந்த ஒரு முடியை நனைத்து, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல ஈர முடி கால் பங்குக்கு மேல் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். நீண்டு அப்படியே நின்றால் புரோட்டீன். நீளாமலே அறுந்தால் கண்டிஷனர். ஒரு முடியை நம்பாமல் மூன்று நான்கை இழுத்துப் பார்ப்பது நல்லது. எனக்கு இப்போது மாதம் ஒருமுறை புரோட்டீன் போதும். என் முடி மெல்லியது, கோரை முடி. அடர்த்தியான சுருட்டை முடிக்கு இந்தக் கணக்கு மாறலாம்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து போர் தண்ணீர். அதில் உள்ள கால்சியம் படிந்தாலும் முடி வைக்கோல் மாதிரிதான் இருக்கும். கலர் படாத வேர்ப்பக்கமும் சொரசொரவென்று இருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நான் கடைசி இரண்டு குவளைக்கு மெட்ரோ தண்ணீரை எடுத்து வைக்கிறேன்.

நுனியில் இரண்டு அங்குலம் மட்டும் எதற்கும் மசியவில்லை. நனைந்தாலே கூழாகி கையோடு வந்தது. அதை வெட்டிவிட்டேன்.