லோட் செல்லுக்கு எது: நான்கு ரெசிஸ்டர் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயரா, இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரா?

10 கிலோ தராசின் லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுக்கிறோம். ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் வகை என்றால், முழு எடைக்கும் கிடைப்பது 10 மில்லிவோல்ட்தான். இரண்டு சிக்னல் கம்பிகளும் ஏற்கெனவே 2.5 வோல்ட்டில் நிற்கும். நீளமான கேபிளில் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் இரண்டிலும் ஒன்றாக ஏறும். இப்படி இரண்டுக்கும் பொதுவாக இருப்பதுதான் காமன்-மோட்.

ஒரு ஆப்-ஆம்ப், நான்கு ரெசிஸ்டர் வைத்து 100 மடங்கு பெருக்கலாம். ஆனால் இரு பக்கத்து ரெசிஸ்டர் விகிதமும் அச்சாக ஒத்துப்போனால்தான் காமன்-மோட் கழியும். 1% ரெசிஸ்டர்கள் மோசமாகச் சேர்ந்தால் 1 வோல்ட் ஹம், உள்ளீட்டில் 0.4 மில்லிவோல்ட் சிக்னல் போலவே தெரியும். தராசில் அது 400 கிராம் ஆட்டம்! 2.5 வோல்ட்டால் வரும் பிழை நிலையானது, டேர் செய்து கழிக்கலாம். ஹம்மை அப்படிக் கழிக்க முடியாது. கெயினை மாற்ற ஒரு பக்கத்தில் மட்டும் பாட் வைத்தால் இருக்கிற பொருத்தமும் போய்விடும்.

AD620 போன்ற இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரில் கெயினுக்கு ஒரே ரெசிஸ்டர்:

```
G = 1 + 49.4kΩ / RG
```

499 ஓம் போட்டால் 100. மூன்று ஆப்-ஆம்ப் அமைப்பாக வரைந்து பார்த்தால் காரணம் புரியும். முன்னால் உள்ள இரண்டும் RG-இன் இரு முனைகளையும் தத்தம் உள்ளீட்டின் வோல்டேஜிலேயே பிடித்து வைக்கின்றன. இரண்டு உள்ளீடும் சேர்ந்து ஏறினால் RG-இன் குறுக்கே வித்தியாசமே இல்லை, கரண்ட் ஓடாது. காமன்-மோட் ஒரு மடங்காகவே அடுத்த கட்டத்துக்குப் போகும். வித்தியாசம் வந்தால் மட்டும் கரண்ட் ஓடி, அது 100 மடங்காகும். கடைசிக் கட்டம் இந்த இரண்டு ஆப்-ஆம்ப்களின் வெளியீட்டையும் கழிக்கும்போது சிக்னல் ஏற்கெனவே நூறு மடங்கு முந்திவிட்டது. RG-இல் பிழை இருந்தால் கெயின்தான் பிசகும், காமன்-மோட் நீக்கம் கெடாது. எனக்கு இந்தச் சுற்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

AD620-இன் சாதாரண கிரேடுக்கே கெயின் 100-இல் குறைந்தபட்சம் 110 டெசிபெல் காமன்-மோட் நீக்கம் உறுதி. அதே ஹம் இப்போது தராசில் 3 கிராம்.

சரி, எங்கே சறுக்கும்? ரெஃபரன்ஸ் பின்னுக்கு 2.5 வோல்ட் வேண்டும் என்று இரண்டு ரெசிஸ்டர் டிவைடரை நேராக இணைப்பார்கள். டிவைடரின் ரெசிஸ்டன்ஸ் உள்ளே இருக்கும் ரெசிஸ்டரோடு சேர்ந்து கடைசிக் கட்டத்தின் பொருத்தத்தைக் குலைத்துவிடும். நடுவில் ஒரு பஃபர் வேண்டும். சந்தேகம் இருந்தால் இரண்டு உள்ளீட்டையும் ஒன்றாகக் கட்டி, 2.5 வோல்ட்டின் மேல் உச்சிக்கு உச்சி 1 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் கொடுத்து வெளியீட்டின் ஆட்டத்தைப் பாருங்கள். AD620-இல் 0.3 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பல மில்லிவோல்ட் ஆடினால் முதலில் அந்த பின்னைத்தான் பார்க்க வேண்டும்.

சப்ளையைத் தாண்டிய காமன்-மோட் என்றால் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயர்தான் சரி. INA117 போன்றவை ±200 வோல்ட் வரை தாங்கும். AD620-இன் உள்ளீடுகள் சப்ளைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். லோட் செல்லுக்கு நான் AD620-ஐத்தான் எடுப்பேன்.