எம்.சி.1496: மிக்ஸராகவும் ஃபேஸ் டிடெக்டராகவும் நீண்ட நாள் பயன்பாட்டில்

மிக்ஸர் வேலைக்கு எம்.சி.1496 இன்றும் நம்பகமானது. ஆனால் மிக்ஸருக்குப் போட்ட போர்டை அப்படியே ஃபேஸ் டிடெக்டராக மாற்றினால் ஏமாற்றிவிடும். குறை ஐசியில் இல்லை, லோடு ரெசிஸ்டரில் இருக்கிறது.

பொதுவான மிக்ஸர் சர்க்யூட் இது: சப்ளை +12 வோல்ட், −8 வோல்ட். பின் 5-இலிருந்து கிரவுண்டுக்கு 6.8 கிலோ ஓம் போட்டால் ஐசியின் இரு பாதியிலும் தலா 1 மில்லி ஆம்பியர் பயாஸ் கரண்ட் வரும். பின் 2-க்கும் 3-க்கும் இடையே 1 கிலோ ஓம், பின் 6, 12 இரண்டிலும் 3.9 கிலோ ஓம் லோடு. கேரியர் நுழையும் பின் 8, 10 இரண்டும் 6 வோல்ட்டில் நிற்கும். சிக்னல் இல்லாதபோது அவுட்புட் பின்கள் 8.1 வோல்ட்டில் இருக்கும். கேரியர் நுழையும் மேல் ட்ரான்சிஸ்டர்களுக்குக் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே குறைந்தது 2 வோல்ட் இடைவெளி வேண்டும். இங்கே கிடைப்பது 2.1. சிறிய சிக்னலுக்கு இதுவே போதும்.

ஃபேஸ் டிடெக்டரில் இரண்டு இன்புட்டும் ஸ்விட்ச் ஆக வேண்டும். அதற்காகப் பின் 2-ஐயும் 3-ஐயும் ஷார்ட் செய்து, இரு பக்கமும் சுமார் 300 மில்லிவோல்ட் உச்சமுள்ள சதுர அலை கொடுத்தால், மொத்த 2 மில்லி ஆம்பியரும் ஒரே லோடு வழியாகப் பாயும். 3.9 கிலோ ஓமில் 7.8 வோல்ட் விழுந்து அந்த அவுட்புட் பின் 4.2 வோல்ட்டுக்கு இறங்கப் பார்க்கும். கேரியர் பேஸோ 6 வோல்ட்டில் இருக்கிறது. ட்ரான்சிஸ்டர் சாச்சுரேட் ஆகிவிடும். ஸ்கோப்பில் அலையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, விளிம்புகள் இழுபட்டுத் தெரிந்தால் காரணம் இதுதான்.

லோடை 1.5 கிலோ ஓமாக மாற்றுங்கள். மிகத் தாழ்ந்த புள்ளி 9 வோல்ட், அதாவது 3 வோல்ட் இடைவெளி. பின் 6-க்கும் 12-க்கும் இடையே ±3 வோல்ட் கிடைக்கும். இது 180 டிகிரிக்குள் நேர்கோடாக மாறுவதால், ரேடியனுக்கு ஏறத்தாழ 1.9 வோல்ட். சுழியம் வருவது 90 டிகிரியில், 0 டிகிரியில் அல்ல. ஃபேஸ் லாக் லூப் வடிவமைக்கும்போது பலர் தவறுவது இங்கேதான்.

அவுட்புட்டை ஒரே பின்னிலிருந்து எடுக்காதீர்கள். சப்ளை அசைந்தால் அதுவும் சேர்ந்து அசையும். இரண்டு பின்களுக்கும் இடையிலான வித்தியாசத்தையே எடுங்கள். அதிலும் 50 மில்லிவோல்ட் ஆஃப்செட் மிஞ்சினால் 1.5 டிகிரி பிழை. மிக்ஸரில் கேரியர் கசிவைக் குறைக்கும் 50 கிலோ ஓம் பாட் பின் 1, 4-இல் இருக்கிறதே, அது சிக்னல் நுழையும் கீழ் ட்ரான்சிஸ்டர் ஜோடியின் சமநிலையை மட்டுமே திருத்தும். கீழ் ஜோடி ஸ்விட்ச் ஆகும்போது அதன் பிடி தளர்ந்துவிடும். அதனால் மிஞ்சும் ஆஃப்செட்டை அடுத்துள்ள ஆப்-ஆம்ப்பில் சரிசெய்வதே நல்லது.

இன்னொன்று, சதுர அலையின் டியூட்டி. ஓர் இன்புட் 50 சதவீதமாக இல்லாமல் 40 ஆக இருந்தால், ஐசி பல்ஸ்களின் நடுப்புள்ளிகளைத்தான் ஒப்பிடும். ஏறும் விளிம்பை வைத்து அளப்பவருக்கு 18 டிகிரி விலகித் தெரியும். லாக் விலகியிருந்தால் பாட்டைத் திருகும் முன் டியூட்டியைப் பாருங்கள்.