மங்கிய அடையாள அட்டை முகத்தை மீட்டெடுத்தல்: GIMP-ஐ நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

போரிலும் இடப்பெயர்விலும் ஆல்பங்கள் தொலைந்த வீடுகளில், அம்மம்மாவின் நேர்முகப் படம் என்று மிஞ்சியிருப்பது பல வேளைகளில் பழைய இலங்கைத் தேசிய அடையாள அட்டையில் இருப்பதுதான். கறுப்பு வெள்ளைப் படம், மேலே பிளாஸ்டிக் உறை. முகம் மஞ்சளாகி, கண்ணும் உதடும் கரைந்திருக்கும். சட்டமிட்டு மாட்டுவதற்கு அதை மீட்க, அவருடைய வேறு படங்களைத் துணைக்கு எடுக்கும் வேலைக்குப் படத்திருத்த மென்பொருளான GIMP போதும். நேரம் போவது மென்பொருளில் அல்ல, துணைப்படத்தைத் தெரிவு செய்வதில்தான்.

உறையைப் பிரிக்கவே கூடாது. படத்தின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிடும். உறையோடேயே 1200 dpi-இல், கறுப்பு வெள்ளையாக அல்லாமல் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். மெல்லிய, மலிவான ஸ்கேனர்களுக்குக் குவிய ஆழம் குறைவு. அட்டை கொஞ்சம் வளைந்திருந்தாலும் முகம் மங்கும். உறையின் சுருக்கங்களில் ஒளி பட்டு வெள்ளைக் கோடுகள் விழும். அதற்கு அட்டையை 90 பாகை திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுத்து, இரண்டையும் பொருத்தி, மேலடுக்கை, இரண்டில் இருண்டதை மட்டும் காட்டும் Darken only முறையில் வைத்தால் பெரும்பாலான கோடுகள் போய்விடும். பளபளப்பு வெளிச்சத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது என்பதால் இந்த வழி பலிக்கிறது.

பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அலைவரிசைகளையும் தனித்தனியே பாருங்கள். படத்தின் உருவமே மஞ்சள் பழுப்பாக மாறியிருந்தால் நீல அலைவரிசையில் முகம் கூடுதலாகத் தெரியும். உருவம் கறுப்பாகவே இருந்து தாள் மட்டும் மஞ்சளாகியிருந்தால் சிவப்பு அலைவரிசை சுத்தமாக இருக்கும். இதைப் பார்க்காமல் நேரே கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறவர்கள், அட்டையில் உண்மையிலேயே மிஞ்சியிருக்கும் கண்ணிமைக் கோட்டைத் தாங்களே அழித்துவிட்டு அதை வேறு படத்தில் தேடுகிறார்கள்.

இனித் துணைப்படம். மூன்று படங்கள் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: அட்டைக்குப் பத்து வருடம் முந்திய கலியாணக் குழுப்படம், ஏறத்தாழ அதே வயதில் எடுத்த ஸ்டூடியோப் படம், முதுமையில் கைத்தொலைபேசியில் எடுத்த கண்ணாடி போட்ட படம். அட்டையில் இரு கண்மணிகளுக்கும் இடைவெளி 7 மி.மீ. என்றால் ஸ்கேனில் அது ஏறத்தாழ 330 பிக்சல். குழுப்படத்தில் அதே இடைவெளி 100 பிக்சல்தான் வரும். மூன்று மடங்கு பெருப்பித்தால் இமை மயிருமில்லை, சுருக்கமுமில்லை. அதை முகத்தின் வடிவத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்திருங்கள். கைத்தொலைபேசிப் படம் கூர்மையாக இருக்கும், ஆனால் கிட்ட நின்று எடுத்ததால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போயிருக்கும். அளவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. தூரப்பார்வைக் கண்ணாடி கண்ணைப் பெரிதாகவும், கிட்டப்பார்வைக் கண்ணாடி சிறிதாகவும் காட்டும். பற்செட் போட்டபின் எடுத்த படமென்றால் வாயும் உதவாது. ஆகவே கண்ணும் உதடும் ஸ்டூடியோப் படத்திலிருந்தே வரவேண்டும். அதிலும் சிரிப்பு இருந்தால் உதட்டை விட்டுவிடுங்கள். சிரித்த கண்ணும் இறுகிய வாயும் சேர்ந்தால் ஏதோ பிழை என்று வீட்டார் உடனே சொல்வார்கள், எதுவென்று சொல்லத் தெரியாது.

வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் இருந்து வருகிறது என்று துணைப்படத்தை இடம் வலமாகப் புரட்டுவது பெரிய தவறு. மச்சம், மூக்குத்தி, வகிடு மட்டுமல்ல, ஒரு கண் கொஞ்சம் தாழ்ந்திருப்பதும் இடம் மாறிவிடும். அப்புறம் அது அவருடைய முகமாக இராது.

துணைப்படத்தைப் பாதி ஒளிபுகு தன்மையோடு மேலே வைத்து, கண்மணி இடைவெளிக்கு ஏற்ப அளவை மாற்றுங்கள். முழு முகத்தையும் ஒரேயடியாகப் பொருத்த முயலாமல், இடக்கண், வலக்கண், வாய் என்று தனித்தனி அடுக்காக நகர்த்துங்கள். பிறகு அட்டைப்படத்துக்கும் துணைப்படத்துக்கும் தனித்தனியே, நுணுக்கத்தின் அளவுவாரியாகப் படத்தை அடுக்குகளாகப் பிரிக்கும் Wavelet-decompose ஓட்டுங்கள். முகத்தை மட்டும் வெட்டிக்கொண்டு ஓட்டாவிட்டால் கணினி திணறும். ஐந்து நுணுக்க அடுக்குகளும் Residual என்ற ஒன்றும் வரும். இந்த அளவுப் படத்தில் முதல் இரண்டு அடுக்குகளில் பெரும்பாலும் தாளின் பொடிப்புள்ளிகளான மணியுருதான் இருக்கும். இமையும் உதட்டுக் கோடும் மூன்று முதல் ஐந்து வரை. துணைப்படத்தின் அந்த மூன்று அடுக்குகளை மட்டும், வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி அடுக்கு முகமூடி போட்டு, அட்டையின் அடுக்குகளுக்குப் பதிலாகக் கொண்டுவாருங்கள். Residual அட்டையினுடையதே இருக்கட்டும். கன்னத்தின் நிழல், முகத்தின் கனம், அந்த வயது எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கன்னம் முழுக்க வெளுத்துப்போன இடத்தில் மட்டும் துணைப்படத்தின் Residual-ஐ மெல்லிய தூரிகையால் கொஞ்சம் சேர்க்கலாம்.

முதல் இரண்டு அடுக்குகளில் கைவைக்காதிருந்தால் அட்டையின் மணியுரு முகம் முழுவதும் ஒரேமாதிரி இருக்கும், ஒட்டு தெரியாது. Residual சேர்த்த இடம் மெழுகு பூசியதுபோல் தெரிந்தால் அங்கே மட்டும் சிறிது பொடிப்புள்ளி இரைச்சல் தூவவேண்டும்.

சரிபார்க்க, படத்தை அட்டையில் உள்ள அளவுக்கே சுருக்கி மூலத்தின் பக்கத்தில் வையுங்கள். அந்த அளவில் இரண்டும் ஒரே ஆளாகத் தெரியாவிட்டால் துணைப்படம் கூடிவிட்டது. பெரும்பாலும் கண்தான் காரணம். அந்த அடுக்கின் ஒளிபுகாத் தன்மையை, அதாவது Opacity-ஐ, 60 சதவீதம் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். அடுக்குகளோடு .xcf கோப்பாகவே சேமித்து வையுங்கள், இன்னொரு படம் எந்த உறவினர் வீட்டிலிருந்தும் வரலாம். மீட்ட முகம் சுவருக்கு மட்டும்தான். அட்டைப் பிரதியில் ஒட்டி எங்கும் கொடுத்தால் அது போலி ஆவணம்.