மண்டபத்து கேக்கா, மோட்டார் செயினா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ஜோடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவனுக்குச் செம்பனை ஆலையில் வேலை, மனைவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். கல்யாண நாள் நெருங்குகிறது, கையில் 800 வெள்ளி இருக்கிறது.

ஒரு வழி, மண்டபம் பிடிப்பது. பலூன் வளைவு, பெரிய கேக், சொந்தக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்து நிற்க, முட்டி போட்டு மோதிரம். இன்னொரு வழிக்கு நாள் நட்சத்திரம் தேவையில்லை. "ஏங்க, மோட்டார் செயின் சத்தம் போடுது" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்புகிறாள். மறுநாள் அவள் தூங்கி எழுவதற்குள் செயினை இறுக்கி எண்ணெய் விட்டாயிற்று, பெட்ரோலும் நிரப்பியாயிற்று.

எது அவள் மனதை அதிகம் தொடும்? செலவை வைத்துப் பார்த்தால் மண்டபம்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் ஆய்வாளர்கள் பிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியேல் ஆடம்ஸ் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நிச்சயதார்த்த மோதிரம் கொடுத்த ஆண்கள் விலை கூடினால் பெண்கள் அதை அதிகம் மெச்சுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வாங்கிய பெண்கள் மெச்சியதற்கும் விலைக்கும் சம்பந்தமே தெரியவில்லை. கொடுப்பவர் பணத்தை எண்ணுகிறார், வாங்குபவர் வேறெதையோ பார்க்கிறார்.

அது என்ன? உளவியலாளர் ஹாரி ரைஸ் மூன்றைச் சொல்கிறார்: என்னைப் புரிந்துகொண்டாரா, நான் சொன்னதை மதித்தாரா, என்மேல் அக்கறை காட்டினாரா. இறுக்கிய செயினில் மூன்றும் இருக்கின்றன. இருட்டில் ஆளில்லாத தோட்டத்துப் பாதையில் செயின் கழன்றால் என்ன ஆகும் என்ற அவள் பயம் அவனுக்குப் புரிந்திருக்கிறது. அவள் இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. மண்டபத்திலோ, ஷிஃப்ட் முடிந்து தூக்கம் சொக்கும் கண்ணோடு ஐம்பது போன்களுக்கு முன்னால் அவள் சிரித்தாக வேண்டும். என்னைக் கேட்டால், அங்கே வேலை அவளுக்குத்தான்.

சாரா அல்கோ குழுவினர் 2010-இல் வெளியிட்ட நாட்குறிப்பு ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. துணை செய்த அன்றாடக் காரியத்துக்காக ஒருவர் நன்றி உணர்ந்த நாளுக்கு அடுத்த நாள், உறவில் நெருக்கம் கூடியிருந்தது. கவனிக்க வேண்டியது அந்த நன்றி உணர்வை. தினமும் பெட்ரோல் நிரப்பினால் அது பழகிப்போய்க் கண்ணில் படாமல் போகும். "உனக்கு எவ்வளவு செய்யறேன்" என்று சண்டையில் கணக்கு காட்டினாலோ, செய்த உதவி கடனாகிவிடும். சின்னக் காரியத்துக்கும் இந்தப் பலவீனம் உண்டு.

மண்டபம் ஜெயிக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. கேட்காமல் தந்த பரிசைவிட, தாங்களே கேட்டு வாங்கிய பரிசையே மக்கள் அதிகம் மெச்சுகிறார்கள் என்று 2011-இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. இந்த ஜோடி கையில் காசில்லாமல் வெறும் பதிவுத் திருமணம் செய்தவர்கள் என்று வையுங்கள். "ஒரு தடவையாவது எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடணும்" என்று போன தீபாவளிக்கு அவள் சொல்லியிருந்தால், அவன் அந்த 800 வெள்ளியை மண்டபத்துக்கே கட்டலாம். தேதியை மட்டும் அவளுடைய ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.