எண்களைப் போட்டுப் பார்ப்பதா, ஒருமுறை வகுப்பதா?

பினாங்கில் ஆறாம் படிவம் படிக்கும் அக்கா மகன் ஒரு பயிற்சித்தாளைப் படமெடுத்து அனுப்பினான். காரணிப்படுத்த வேண்டியது 2x³ − 3x² − 11x + 6.

அவன் வழி, 6-இன் வகுஎண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. x = 1 என்றால் −6 வருகிறது. மீதித் தேற்றப்படி (x − 1)-ஆல் வகுத்தால் மிஞ்சுவதும் அதுதான். 3, −2 இரண்டும் பூச்சியம் தந்தன. மூன்றாவது கிடைக்காமல் திண்டாடினான், பாவம். x³-இன் கெழு 2 என்பதால் பின்னமும் மூலமாகலாம்.

என் வழி, 3 கிடைத்ததுமே (x − 3)-ஆல் வகுத்துவிடுவது. ஈவு 2x² + 3x − 2, அதாவது (2x − 1)(x + 2). விடுபட்ட ½ தானாக வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் வகுக்கும்போது ஒரு குறி தவறினாலும் ஈவு கெட்டுவிடும். அதனால் மூலங்களை ஈவில் அல்ல, முதல் கோவையிலேயே போட்டுச் சரிபார்க்க வேண்டும். ½-க்கு 0.25 − 0.75 − 5.5 + 6 = 0, சரி.

அப்புறம், படம் மங்கல். −11x-ஐ +11x என்று படித்தால் x = 3-க்கு 66 வரும்; ±1, ±2, ±3, ±6 எதுவுமே பூச்சியம் தராது. அப்போது கணக்கை விட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.