நழுவிய கண்ணி: ஏற்றுவதா, கட்டுவதா, ஐந்தாக இறக்குவதா?

குழந்தை ஸ்வெட்டரின் முதுகுப் பகுதி. 4 மி.மீ. ஊசியில் 60 கண்ணிகள், ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போகும் சாதாரண ஸ்டாக்கினெட் பின்னல். பாதி உயரம் வந்த பிறகு எண்ணிப் பார்த்தால் 59. பல வரிசைகளுக்குக் கீழே ஒரு கண்ணி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. எத்தனை வரிசை கீழே என்பதை எண்ணி, 'இவ்வளவு ஆழம் போய்விட்டதே, பிரித்துவிடலாம்' என்று முடிவு செய்பவர்கள் பலர். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைவிட, அது எப்போது நழுவியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த வழி பலிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதுவே.

எதற்கும் முன்னால், அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கைக் கோத்துவிடுங்கள். எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்த அத்தை தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு ஊக்கு மாட்டியிருப்பார். "முதல்ல அதைப் பிடிச்சு வை, அப்புறம் யோசி" என்பார். கம்பளி நூலில் உரோமம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் கண்ணி மெதுவாகத்தான் இறங்கும். பருத்தியும் பட்டும் அப்படியில்லை. துணியைத் தூக்கிப் பார்க்கும் அசைவிலேயே இன்னும் நான்கு வரிசை இறங்கிவிடும்.

ஊக்கு மாட்டிய பிறகு, கண்ணிக்கு மேலே பாருங்கள். அங்கிருந்து ஊசி வரை ஏணிப்படிகள்போல் குறுக்கு நூல்கள் தளர்வாகக் கிடந்தால், கண்ணி இப்போதுதான் ஊசியிலிருந்து நழுவி இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு முழுக் கண்ணிக்கான நூல் இருக்கிறது. மாறாக, மேலே ஏணியே இல்லாமல் இரண்டு பக்கத்துக் கண்ணிகளும் நெருங்கிச் சேர்ந்து துணி மூடிக்கொண்டிருந்தால், அந்தக் கண்ணி எப்போதோ நழுவிவிட்டது. அது இல்லாமலேயே மேலே பின்னிக்கொண்டு போயிருக்கிறோம். அந்த வரிசைகளில் அதற்கென்று நூல் செலவாகவே இல்லை.

முதல் நிலைக்குக் குரோஷே ஊசியை மிஞ்சிய வழி கிடையாது. 4 மி.மீ. பின்னலுக்கு 3 அல்லது 3.5 மி.மீ. குரோஷே ஊசி போதும். நிட் பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். பர்ல் வரிசையின் நடுவில் இருந்தாலும் துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, அதற்கு நேர் மேலே உள்ள படியைக் கொக்கியில் மாட்டி, கண்ணி வழியாக முன்னால் இழுத்தால் ஒரு வரிசை ஏறிவிட்டது. துணியை இரு பக்கமும் மெல்ல இழுத்துப் பிடித்தால் அடுத்த படி எது என்பது தெளிவாகத் தெரியும். 12 வரிசை இறங்கியிருந்தால் 12 முறை. முழுவதும் பிரித்தால் 720 கண்ணிகளை மறுபடி பின்ன வேண்டும்.

தவறு நேர்வது இரண்டு இடங்களில். ஒரு படியைத் தாண்டிவிட்டால் முன்பக்கம் ஒன்றும் தெரியாது. திருப்பிப் பார்த்தால் ஒரு நூல் எதிலும் சேராமல் குறுக்கே கிடக்கும். அதுவரை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். இன்னொன்று கடைசிப் படி. நழுவிய இடத்தை இந்த வரிசையில் ஏற்கெனவே தாண்டியிருந்தால், இப்போது பின்னும் நூலே மேல்படியாக இருக்கும். அதையும் ஏற்றி, கண்ணியை வலது ஊசியில் வைக்க வேண்டும். இன்னும் தாண்டவில்லையென்றால் இடது ஊசியில்.

குரோஷே ஊசி கையில் இல்லாதவர்கள் பின்னல் ஊசிகளாலேயே கண்ணியைப் படிமேல் தாண்டவைப்பதுண்டு. ஒன்றிரண்டு வரிசைக்குச் சரி. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு தாண்டலிலும் கண்ணி இழுபட்டு, அந்த நெடுவரிசை மட்டும் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது நிலைதான் கடினமானது. இங்கே குரோஷே ஊசி ஏமாற்றிவிடும். கண்ணிகளை இணைக்கும் குட்டி நூல்களைப் படியாக நினைத்து ஏற்ற முடியும்தான். ஆனால் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும் பின்னலில் ஒரு கண்ணியின் அகலம் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர். அதற்குத் தேவைப்படும் நூல் அதைப்போல மூன்று மடங்கு. இல்லாத நூலை அக்கம்பக்கத்திலிருந்துதான் பிடுங்க வேண்டும். இரண்டு மூன்று வரிசை என்றால் துவைத்தபின் சமனாகிவிடும். எட்டு வரிசையை நான் ஒருமுறை அப்படி ஏற்றினேன். தையல் போட்டு இழுத்ததுபோல் ஒரு கோடு விழுந்து, துணி சுருங்கியது. துவைத்தும் போகவில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எளியது, கட்டிவிடுவது. அதே நூலில் 20 செ.மீ. வெட்டி, கண்ணிக்குள் கோத்து உள்பக்கம் இழுத்து, பக்கத்துக் கண்ணிகளின் முதுகோடு சேர்த்துக் கட்டி, நுனிகளைச் செருகிவிட வேண்டும். இப்போதைய வரிசையில் இரு கண்ணிகளுக்கு நடுவிலுள்ள நூலைத் தூக்கி முறுக்கிப் பின்னினால் 60 திரும்பிவிடும். உறுதியில் குறையே இல்லை. ஆனால் கட்டிய இடத்தில் கண்ணிகள் லேசாகச் சாய்ந்திருக்கும். அக்குள் தையலுக்கு அருகில் இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன்.

மார்பின் நடுவிலோ முதுகின் நடுவிலோ இருந்தால் மனம் ஒப்பாது. அங்கே பக்கத்துக்கு இரண்டாக நான்கு கண்ணிகளை ஊசியிலிருந்து வேண்டுமென்றே கழற்றி, நழுவிய கண்ணியின் மட்டம் வரை இறக்க வேண்டும். முதல்முறை கை நடுங்கும். கம்பளி நூலில் அவ்வளவு வேகமாக ஓடிவிடாது. எட்டு வரிசை ஆழம் என்றால், கீழே இப்போது ஐந்து கண்ணிகள், மேலே எட்டு நீண்ட நூல்கள். ஐந்தையும் இருமுனை ஊசி ஒன்றில் எடுத்து, நிட் பக்கம் பார்த்தபடியே, அடியிலுள்ள நூலால் வலமிருந்து இடமாக ஐந்தையும் நிட் போடுங்கள். பிறகு கண்ணிகளை ஊசியின் வலது முனைக்கு நகர்த்தி அடுத்த நூல். நான்கு கண்ணிக்கான நூலை ஐந்துக்குப் பங்கிடுகிறோம். ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு சிறியதாகும். பக்கத்துக்கு ஒன்றை மட்டும் இறக்கினால் மூன்றில் ஒரு பங்கு குறையும், அது கண்ணுக்குத் தெரியும்.

இதில் சறுக்குவது இடது ஓரம். முதல் மூன்று கண்ணிகளுக்கு வழக்கம்போல் தாராளமாக நூல் விட்டால் ஐந்தாவதற்குப் போதாது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஊசி நுனியால் வலப்பக்கம் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். எட்டு வரிசைக்கு மொத்தம் 40 கண்ணிகள்தான். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தட்டையாக விரித்து உலர்த்திய பிறகு முன்பக்கம் தேடினாலும் கிடைக்கவில்லை. உள்பக்கம் மட்டும் பர்ல் முடிச்சுகள் அந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சற்றே நெருக்கமாக இருந்தன.

பருத்தியில் இதே வேலை அவ்வளவு அழகாக அமையாது. கம்பளியைப்போல் நனைந்ததும் ஒன்றோடொன்று இசைந்து கொடுக்காததால் சிறிய கண்ணிகள் சிறியவையாகவே நிற்கும். அதில் பக்கத்துக்கு நான்காக இறக்கி ஒன்பதாகப் பங்கிடுவேன். எட்டு வரிசையைத் தாண்டிய ஆழமானால் பிரித்துவிடுவேன்.