ஒரே ஊசிக்குத்தில் இரண்டு ‘ட்ரஃப்’: அமிகாசினும் வான்கோமைசினும்

இரவு ஒன்பது மணிக்கு ஆய்வகத்திலிருந்து வந்த தாளில், ஒரு நோயாளியின் ரத்தத்தில் இருந்த இரண்டு ஆண்டிபயாடிக்குகளின் அளவாக, இரண்டே எண்கள்: லிட்டருக்கு வான்கோமைசின் 14 மி.கி., அமிகாசின் 12 மி.கி. இரண்டுக்கும் பக்கத்தில் ‘ட்ரஃப்’ என்று குறித்திருந்தது. அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு, மருந்து ரத்தத்தில் மிகக் குறைந்திருக்கும் வேளையில் எடுத்த அளவு என்பது அதன் பொருள். பணியில் இருந்த இளம் மருத்துவர் அதைப் பார்த்து இரண்டு முடிவுகளை எடுத்தார். வான்கோமைசின் போதவில்லை, டோஸைக் கூட்ட வேண்டும். அமிகாசின் தேங்குகிறது, நிறுத்த வேண்டும். நன்றாகப் படித்தவர்தான். ஆனால் இரண்டுமே தவறான முடிவுகள். மருந்தகத்திலிருந்து நான் வார்டுக்குப் போய் மருந்து அட்டையைப் புரட்டிய பிறகுதான் அது தெரிந்தது.

நோயாளிக்கு வயது 60, எடை 60 கிலோ. சர்க்கரை நோயால் காலில் புண். ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலினுக்குப் பணியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி, வளர்ந்திருந்தது, எம்ஐசி 1. சிறுநீரில் ஈ.கோலை, அமிகாசினுக்குப் பணிகிறது, எம்ஐசி 4. (ஒரு கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவுதான் எம்ஐசி.) சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.0. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஆலும் கிரியேட்டினினாலும் வகுத்தால், சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகமான கிளியரன்ஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 மி.லி. வயதுக்கு ஏற்ற சிறுநீரகம், மோசமில்லை. அன்று சிகிச்சையின் மூன்றாம் நாள்.

முதலில் அமிகாசினை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் இவருக்கு நாளொன்றுக்கு 900 மி.கி. அதை ஒரே வேளையாகக் கொடுக்கலாம். 450, 450 என்று பிரித்தும் கொடுக்கலாம். பிரித்துக் கொடுப்பதுதான் மென்மையானது என்று பார்த்தவுடன் தோன்றும். பல ஆண்டுகள் மருத்துவ உலகமும் அப்படித்தான் எண்ணியது.

இவர் உடலில் இந்த மருந்து பரவும் இடம் சுமார் 15 லிட்டர். ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமான அரை ஆயுள் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 900 மி.கி. ஒரே வேளையாக ஏறினால் உச்ச அளவு 55-ஐத் தாண்டும். பிரித்துக் கொடுத்தால் 30-ஐ எட்டுவதே அதிகம். அமிகாசின் போன்ற அமினோகிளைகோசைடுகள் உச்சத்தால் கொல்பவை. உச்சம் எம்ஐசியைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு இருந்தால்தான் முழு வேகம் வரும். எம்ஐசி 4 என்றால் 32 முதல் 40 வரை தேவை. ஒரே வேளை அதைக் கடக்கிறது. பிரித்த வேளை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

சிறுநீரகக் கணக்கு இன்னும் சுவையானது. இரு முறைகளிலும் ஒரு நாளில் உடல் காணும் மொத்த மருந்து ஒன்றேதான். காலத்துக்கு எதிரே அளவை வரைந்தால் கோட்டுக்குக் கீழே கிடைக்கும் பரப்பு இரண்டிலும் சுமார் 225. அதைத்தான் ஏயூசி என்கிறோம். மொத்தம் ஒன்றாக இருந்தும் நஞ்சு ஒன்றாக இல்லை. சிறுநீரகக் குழலின் தொடக்கப் பகுதியில் இருக்கும் செல்கள் மெகாலின் என்ற ஏற்பியின் வழியாக இந்த மருந்தை உள்ளே இழுக்கின்றன. அது ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கும் டிக்கெட் நிலையம் போன்றது. கூட்டம் மொத்தமாக வந்தாலும் கவுண்டர் தன் வேகத்தில்தான் ஆளை உள்ளே விடும். மற்றவர்கள் சிறுநீரோடு வெளியேறிவிடுவார்கள். சிறு கூட்டம் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் கவுண்டருக்கும் ஓய்வில்லை, உள்ளே சேர்வதும் நிற்பதில்லை. ஒரே வேளை முறையில் இவர் ரத்தத்தில் நாளுக்குச் சுமார் ஒன்பது மணி நேரம் மருந்தளவு 1-க்குக் கீழே இருக்கும். பிரித்துக் கொடுத்தால் அப்படி ஒரு கணம்கூட இருக்காது.

அதனால் அமிகாசின் ட்ரஃப் என்பது ‘கவுண்டருக்கு ஓய்வு கிடைத்ததா’ என்ற கேள்வி மட்டுமே. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 5-க்கு மேல் இருந்தால் இடைவெளியை நீட்ட வேண்டும். அப்படியானால் அந்த 12 ஆபத்துதானே? ட்ரஃப்பாக இருந்திருந்தால் ஆபத்துதான். மருந்து அட்டையில் அமிகாசின் ஏறிய நேரம் மதியம் ஒரு மணி. ரத்தம் எடுத்தது இரவு ஏழரைக்கு. வான்கோமைசினுக்கு எப்படியும் குத்த வேண்டும், இன்னொரு முறை எதற்கு என்று நர்ஸ் ஒரே குத்தில் இரண்டு குழாய்களை நிரப்பிவிட்டார். நல்லெண்ணம்தான். மருந்து ஏறி முடிந்து ஆறு மணி நேரம் கழித்து, இந்தச் சிறுநீரகம் உள்ளவருக்கு 11 அல்லது 12 இருப்பதே இயல்பு. அபாய அறிகுறி என்று படிக்கப்பட்ட எண் உண்மையில் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்ற நற்சான்று. மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு எடுத்த உண்மையான ட்ரஃப், கருவி கண்டறியும் எல்லைக்கும் கீழே இருந்தது.

நேரம் சரியாகத் தெரிந்தால் இடைப்பட்ட அளவும் பயன்படும். ஹார்ட்ஃபர்ட் வரைபடம் அப்படித்தான் இயங்குகிறது: ஜென்டாமைசின் கிலோவுக்கு 7 மி.கி. கொடுத்து, 6 முதல் 14 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு மாதிரி எடுத்து, அடுத்த டோஸ் 24, 36, 48 மணிகளில் எப்போது என்று முடிவுசெய்கிறது. இந்த ஒப்பீட்டில் ஒரே வேளைக்கே என் ஓட்டு. என்டெரோகாக்கஸ் இதய வால்வைத் தாக்கும்போது துணை மருந்தாகத் தரும் ஜென்டாமைசின் விலக்கு. அது இன்னும் சிறு அளவாகப் பிரித்தே தரப்படுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கும் கடும் தீக்காயம் உள்ளவர்களுக்கும் எந்த வாய்பாடும் பொருந்தாது. அளவு பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இனி வான்கோமைசின். இங்கே எல்லாம் தலைகீழ். இது உச்சத்தால் கொல்வதில்லை. நாள் முழுவதற்குமான மொத்தத்தால் கொல்கிறது, சிறுநீரகத்தைத் தாக்குவதும் மொத்தத்தால்தான். அந்த மொத்தத்தை அளப்பது சிரமம் என்பதால், 2009-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் ஒரு குறுக்குவழி சொன்னது: கடும் தொற்றில் ட்ரஃப் 15 முதல் 20 வரை இருக்கட்டும். 2020-இல் அதே அமைப்புகள் அதைத் திருத்தின. கடுமையான எம்ஆர்எஸ்ஏ தொற்றில் ஏயூசி 400 முதல் 600 வரை. ட்ரஃப்பை மட்டும் துரத்த வேண்டாம். துரத்தியதில் கெட்டது சிறுநீரகங்கள்தான்.

இரண்டு வழிகளையும் நம் நோயாளியிடம் ஓட்டிப் பார்ப்போம். 1000 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். இரவு ஏழரைக்கு 14. ட்ரஃப் வழி இங்கேயே முடிந்துவிடும்: 15-ஐத் தொடவில்லை, 1250 ஆக்கு. ஏயூசி வழிக்கு அதே இடைவெளியில் இன்னொரு மாதிரி வேண்டும். காலை பதினொரு மணிக்கு வேறு பரிசோதனைக்காக எடுத்த சீரம் ஆய்வகக் குளிர்பெட்டியில் மிச்சமிருந்தது. அதில் 28.

28 பாதியாகி 14 ஆக எட்டரை மணி நேரம். அதுவே அரை ஆயுள், 0.693-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 0.0815 என்ற வேகம் கிடைக்கிறது. அந்த வேகத்தில் பின்னோக்கிப் போனால் ஒன்பது மணிக்கு 33. முன்னோக்கிப் போனால் எட்டு மணிக்கு 13.4. மருந்து ஏறும் ஒரு மணி நேரத்தின் பரப்பு இரண்டின் சராசரி, 23. இறங்கும் பகுதியின் பரப்பு, இரண்டின் வித்தியாசத்தை வேகத்தால் வகுத்தது, 240. கூட்டி இரண்டால் பெருக்கினால் நாளுக்கு ஏறத்தாழ 526. இலக்கின் நடுவில் இருக்கிறது. 1250 ஆக்கியிருந்தால் ட்ரஃப் 17 என்று அழகாக வந்திருக்கும். ஏயூசி 650-ஐத் தாண்டியிருக்கும்.

இதே 2000 மி.கி.யை இவருக்கு ஒரே வேளையாக ஏற்றினால் ட்ரஃப் 8-ஐ ஒட்டி விழும், எல்லோரும் பதறுவார்கள். 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாக விட்டால் 22-இலேயே நிற்கும். மூன்றிலும் மொத்தம் அதே 526. வான்கோமைசினைத் தொடர் ட்ரிப்பாகக் கொடுப்பது ஏற்கப்பட்ட முறை. அமிகாசினை அப்படிக் கொடுத்தால் நாள் முழுக்க 9-இல் நிற்கும்: கிருமிக்குப் போதாது, சிறுநீரகக் கவுண்டரோ மூடவே மூடாது.

ஏயூசி வழிக்கும் விலை உண்டு. இரண்டு குத்து, இரண்டு கட்டணம், நேரங்களை நிமிடக் கணக்கில் எழுதும் ஒழுக்கம். மருந்து ஏறிய அதே குழாயிலிருந்து ரத்தம் எடுத்தால் எண் வானத்துக்குப் போகும். அதை நம்பி டோஸைக் குறைத்த கதைகளும் உண்டு. முந்தைய நோயாளிகளின் தரவோடு சேர்த்துக் கணிக்கும் பேய்ஸியன் மென்பொருள் இருந்தால் ஒரு மாதிரியே போதும் என்பார்கள். இல்லாத இடத்தில் கால்குலேட்டர் போதும், மேலே போட்ட கணக்குக்கு ஐந்து நிமிடம் ஆகும். டயாலிசிஸில் இருப்பவருக்கும், கிரியேட்டினின் நாளுக்கு நாள் மாறுபவருக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. அது நிலையான சிறுநீரகத்தை நம்பி நிற்பது.

அன்றிரவு எந்த டோஸும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: கால் வலிக்கு எழுதியிருந்த டைக்ளோஃபினாக் ஊசியை நீக்கச் சொன்னேன், பாராசிட்டமால் போதும் என்று. இரண்டு சிறுநீரக நஞ்சுகளுக்கு நடுவே மூன்றாவதை நுழைப்பது பெரும்பாலும் இப்படி ஒரு வலி ஊசிதான். அமிகாசின் ஐந்தாம் நாளோடு நின்றது. அதன் தீங்கு பெரும்பாலும் ஐந்து, ஏழு நாட்களுக்குப் பிறகே வெளிப்படும், சிறுநீர் அளவும் குறையாது; சிறுநீர் நன்றாகப் போகிறது என்று அட்டையைப் பார்த்து நிம்மதி கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நிறுத்திய பிறகும் சில நாட்கள் கிரியேட்டினினோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டாம் நாள் கிரியேட்டினின் 1.3. அன்று காலை பதினொன்றுக்கும் இரவு ஏழரைக்கும் மீண்டும் இரண்டு மாதிரிகள்: 35, 20. அரை ஆயுள் எட்டரையிலிருந்து பத்தரை மணிக்கு நீண்டிருந்தது. கணக்கிட்ட ட்ரஃப் 19.4, பழைய விதிப்படி இலக்குக்குள்தான், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஏயூசி 680-ஐத் தாண்டியிருந்தது. 1000-ஐ 750 ஆக்கினோம். கணக்குப்படி மொத்தம் 512-க்கு இறங்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் கிரியேட்டினின் 1.1. வான்கோமைசின் தொடர்ந்தது. ரத்தக் குழாயின் சீட்டில் ‘ட்ரஃப்’ என்று எழுதும் இடத்தை அடித்துவிட்டு, மருந்து தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் என்று மூன்று கட்டங்களைக் கையால் வரைந்து கொடுத்தவர் அதே நர்ஸ்தான்.